டொலர் ஏறும்போது வட்டியை ஏன் குறைத்தார்கள்?

கேள்வி: "சுன்னாகத்தில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். 2025 தொடக்கத்தில் 292 ரூபாயாக நின்ற டொலர் 300ஐத் தொட்டுவிட்டது. மொத்த வியாபாரி இதைச் சொல்லிச் சொல்லியே பருப்புக்கும் சீனிக்கும் விலை ஏற்றுகிறார். இந்த நேரம் பார்த்து, மே மாதம், மத்திய வங்கி வட்டியைக் குறைத்திருக்கிறது. 2022 இல் ரூபாய் விழுந்தபோது வட்டியை உச்சத்துக்கு ஏற்றினார்களே, இப்போது ஏன் தலைகீழாகச் செய்கிறார்கள்? விலையைக் கட்டுப்படுத்துவதுதானே அவர்கள் வேலை?"

மத்திய வங்கி காவல் நிற்பது டொலருக்கா, விலைக்கா என்ற இடத்தில்தான் உங்கள் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கிக் கிளையின் வெளிநாட்டு நாணயப் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். இப்போது உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்களைக் கவுண்டரிலும் பார்த்திருக்கிறேன், வகுப்பிலும் பார்க்கிறேன். 2023 இல் வந்த 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம் உள்நாட்டு விலை உறுதிப்பாட்டைத்தான் முதல் நோக்கமாக வைக்கிறது. அதன் கீழ் நிதியமைச்சரும் மத்திய வங்கியும் ஒரு உடன்படிக்கை செய்தார்கள். பணவீக்கம் 5 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 2 புள்ளி மேலேயோ கீழேயோ போய், அப்படியே இரண்டு காலாண்டு தொடர்ந்தால், ஏன் தவறினோம் என்று பாராளுமன்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். டொலருக்கு இப்படி ஒரு எண் எங்கும் எழுதப்படவில்லை. ஒரே நாளில் கண்டபடி ஆடினால் வாங்கியோ விற்றோ கொஞ்சம் அமைதிப்படுத்துவார்கள், அவ்வளவுதான். ஆக, டொலர் ஏறியதா என்று அவர்கள் பார்ப்பது, அது அந்த 5க்குள் எவ்வளவு நுழையும் என்று கணக்குப் பார்க்கத்தான்.

அந்தக் கணக்கை உங்கள் கடையிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ மைசூர் பருப்பை 300 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். எண் கணக்குக்காகத்தான், உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் கப்பலில் வந்து கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் விலை 180 ரூபாய் என்போம். மிச்சம் 120 ரூபாய் தீர்வை, களஞ்சியக் கூலி, கொழும்பிலிருந்து வரும் லொறிக் காசு, மொத்த வியாபாரியின் இலாபம், உங்கள் இலாபம். இவை எல்லாம் ரூபாயில் போடும் கணக்கு. டொலர் 292 இலிருந்து 300க்குப் போனால் அது 2.7 சதவீத ஏற்றம். அந்த ஏற்றம் 180 ரூபாயில் மட்டும்தான் படும், அது ஏறக்குறைய 185 ஆகும். அதாவது கிலோவுக்கு 5 ரூபாய். மொத்த வியாபாரி 20 ரூபாய் ஏற்றியிருந்தால் மற்ற 15 ரூபாய்க்கு டொலர் பொறுப்பில்லை. சீனியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதற்கான விசேட பண்ட வரி கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக இருப்பது. 2023 நவம்பரில் அதை 25 சதத்திலிருந்து 50 ரூபாய்க்கு ஏற்றினார்கள். அந்தப் பாய்ச்சலுக்கும் டொலருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி உங்கள் கடையை விட்டு முழுக் குடும்பச் செலவுக்கு வாருங்கள். வீட்டு வாடகை, டியூசன் காசு, முருங்கைக்காய், முடி வெட்டும் கூலி ஆகியவற்றில் டொலர் நேரடியாக இல்லை. குடும்பம் செலவழிக்கும் 100 ரூபாயில் 30 ரூபாய் ஏதோ ஒரு வழியில் டொலரோடு கட்டுண்டது என்று வைத்தால், 2.7 சதவீத ஏற்றம் மொத்தச் செலவை 80 சதம் அளவில் கூட்டும். அதுவும் உடனே இல்லை, பழைய சரக்கு தீர்ந்து புதுச் சரக்கு வர வர, சில மாதங்களில். இந்த 30 என்பது நான் எடுத்துக்கொண்ட எண். ஆய்வாளர்கள் போடும் மதிப்பீடுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சின்ன ஏற்றத்தை வியாபாரிகள் தங்கள் இலாபத்தில் தாங்கிக்கொள்வார்கள், பெரிய ஏற்றத்தை அப்படியே தள்ளிவிடுவார்கள். ரூபாய் பலமானால் விலை அதே வேகத்தில் இறங்குவதும் இல்லை. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி, 80 சதமானாலும் ஏற்றம் ஏற்றம்தானே, வட்டியைக் கூட்டி அதையும் தடுத்தால் என்ன? இங்கேதான் விலைமட்டத்தையும் பணவீக்கத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பருப்பு 300 இலிருந்து 305க்குப் போய் அங்கேயே நின்றால், ஒரு வருடத்துக்குக் கணக்கில் ஏற்றம் தெரியும். அடுத்த வருடம் இதே மாதம் 305ஐ 305உடன் ஒப்பிடுவார்கள், ஏற்றம் பூச்சியம். 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த கொழும்புப் பணவீக்கம் 2023 செப்டெம்பரில் 1.3 ஆனது இப்படித்தான். அப்போது கடைக்கு வந்தவர்கள் "பணவீக்கம் குறைஞ்சதாம், சாமான் விலை குறையேல்லையே" என்று உங்களோடும் சண்டை பிடித்திருப்பார்கள். விலை ஏறிய இடத்திலேயே நின்றது. ஏறும் வேகம்தான் நின்றது.

வட்டியோ மெதுவாக வேலை செய்யும் மருந்து. இன்று கூட்டினால் கடன் குறைந்து, செலவு குறைந்து, அது விலையில் தெரிய ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஆகும். அதற்குள் ஒருதரம் ஏறிய டொலரின் பாதிப்பு கணக்கை விட்டே போயிருக்கும். நோய் போன பிறகு வேலை செய்யத் தொடங்கும் மருந்தால் மிஞ்சுவது பக்கவிளைவுதான், அதாவது மூடிய கடையும் வேலை போன ஆளும். அதனால்தான் ஒருதரம் வரும் ஏற்றத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது பணவீக்க இலக்கு வைத்திருக்கும் மத்திய வங்கிகளின் வழக்கம். 2024 ஜனவரியில் வற் வரி 15 இலிருந்து 18 சதவீதமானது. அந்த மாதம் பணவீக்கம் 6.4க்கு ஏறியது. மத்திய வங்கி வட்டியைக் கூட்டவில்லை. மார்ச்சில் குறைத்தது. ஒரு வரி ஏற்றத்தால் விலை திரும்பத் திரும்ப ஏறாது என்று கணித்தார்கள், கணிப்பும் சரியாக வந்தது.

அப்படியென்றால் 2022 இல் ஏன் பேசாமல் இருக்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு மண்ணெண்ணெயை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அந்த வருடத்தை அதை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். 2022 மார்ச் 7 அன்று ரூபாயை அவிழ்த்துவிட்டார்கள். 200ஐ ஒட்டிக் கட்டிவைத்திருந்த டொலர் மே மாதம் 360 வரை போனது. பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாய். மண்ணெண்ணெய் மட்டும் 87 ரூபாயிலேயே நின்றது. அந்த விலையில் அது கிடைக்கவா செய்தது? குருநகரிலும் மயிலிட்டியிலும் வள்ளங்கள் கரையில் கிடந்தன. தோட்டக்காரர் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க வழியில்லாமல் கலனோடு வரிசையில் நின்றார்கள். ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாய் ஆக்கினார்கள். டொலர் ஏறியது மார்ச்சில், அதன் விலை உத்தியோகபூர்வமாக வந்து சேர்ந்தது ஓகஸ்டில். அரசாங்கம் விலை தீர்மானிக்கும் சாமான்களில் டொலரின் தாக்கம் இப்படித்தான் அணை கட்டி நின்று பிறகு உடைத்துக்கொண்டு வரும்.

மண்ணெண்ணெய் ஏறியது முதல் சுற்று. வள்ளக்காரர் மீன் விலையைக் கூட்டினார், தோட்டக்காரர் வெங்காயத்தைக் கூட்டினார். இதையும் முதல் சுற்றின் வால் என்று சொல்லலாம். அப்புறம் மேசன் தன் நாட்கூலியைக் கூட்டினார், முடி வெட்டுபவர் கூட்டினார், டியூசன் மாஸ்டர் கூட்டினார். நானும்தான். எங்கள் தொழிலில் டொலர் இல்லை. எல்லாம் ஏறுகிறது, அடுத்த மாதம் இன்னும் ஏறும், அதனால் இப்போதே கூட்டிவைப்போம் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. இதுதான் இரண்டாம் சுற்று. இது தொடங்கிவிட்டால் டொலர் நின்ற பிறகும் விலை தன்பாட்டில் ஓடும். மத்திய வங்கி வட்டியால் அடிப்பது இந்த ஓட்டத்தைத்தான். பருப்பை மலிவாக்க வட்டியால் முடியாது, அடுத்த மாதமும் ஏறும் என்ற நம்பிக்கையை உடைக்க முடியும்.

அந்த நேரத்து வட்டியின் நிலையையும் பாருங்கள். 2022 மார்ச்சில் மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுத்த வீதம் 7.5. பணவீக்கம் 18.7. கடன் வாங்கிச் சாமான் வாங்கி வைத்தவனுக்கு வருடத்துக்கு 11 சதவீதம் இலாபம், காசை வங்கியில் போட்டவனுக்கு நட்டம். இந்தக் கணக்கைப் போட்ட எவர் ரூபாயைக் கையில் வைத்திருப்பார்? அதோடு அரசாங்கச் செலவுக்குக் காசு அச்சிடுவதும் நடந்துகொண்டிருந்தது. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் காசு எங்கள் கவுண்டருக்கு வருவது நின்றுபோனது, வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரர் டொலருக்குக் கூடிய விலை கொடுத்தார்கள். நாடு முழுக்க அப்படித்தான். 2020 இல் வங்கி வழியாக 710 கோடி டொலர் வந்த நாட்டுக்கு 2022 இல் 380 கோடிதான் வந்தது. ஏப்ரல் 8 அன்று ஒரே தடவையில் 7 புள்ளி கூட்டி அந்த வீதத்தை 14.5 ஆக்கினார்கள். அதுவும் பணவீக்கத்துக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் அச்சு இயந்திரத்தையும் வட்டியையும் பற்றி ஊருக்கு ஒரு செய்தி போனது.

அதற்கு விலை கொடுத்தோம். 2022 இல் பொருளாதாரம் 7.3 சதவீதம் சுருங்கியது, 2023 இல் இன்னும் 2.3. இதில் வட்டியின் பங்கு எவ்வளவு, டீசல் இல்லாததும் மின்வெட்டும் செய்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட என்னால் முடியாது. பிரித்துவிட்டதாகச் சொல்பவர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். விலைப் பக்கத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். டொலர் ஏறக்குறைய 77 சதவீதம் ஏறியது, பணவீக்கம் 70ஐத் தொட்டது, ஆகவே ரூபாய் விழுந்தால் விலை அப்படியே ஏறும் என்று ஒரு சூத்திரம் போடாதீர்கள். உரத் தடையால் விளைச்சல் விழுந்த காலம் அது, உக்ரைன் போரால் உலக எண்ணெய் விலை ஏறிய காலம், அச்சடித்த காசு புழங்கிய காலம். எல்லாம் சேர்ந்து ஏற்றிய விலையை டொலரின் தலையில் மட்டும் கட்ட முடியாது.

இனி நீங்கள் கேட்கும் 2025 மே. மத்திய வங்கியின் நாணயக் கொள்கைச் சபை, மற்ற வட்டிகளுக்கு வழிகாட்டும் ஓரிரவுக் கொள்கை வீதத்தை 8 இலிருந்து 7.75க்குக் குறைத்தது. கால் புள்ளிதான். அதற்கு முந்திய மாதம், ஏப்ரலில், பணவீக்கம் மைனஸ் 2. பெப்ரவரியில் மைனஸ் 4.2 வரை போயிருந்தது. ஜனவரியில் மின்சாரக் கட்டணத்தைச் சராசரியாக 20 சதவீதம் குறைத்தது இதற்கு ஒரு பெரிய காரணம். இலக்கு 5, கீழ் எல்லை 3, நிற்கும் இடம் பூச்சியத்துக்கும் கீழே. பணவீக்கம் கூடியதற்காக இல்லை, அளவுக்கு மீறிக் குறைந்ததற்காக விளக்கம் எழுத வேண்டிய நிலை. இப்படி நிற்கும்போது ரூபாய் கொஞ்சம் விழுந்து விலையை ஒரு புள்ளி அளவு மேலே தள்ளினால், அது இலக்கை நோக்கித்தான் தள்ளுகிறது. 2022 இல் அதே தள்ளல் இலக்கை விட்டு இன்னும் தூரம் கொண்டுபோனது. டொலர் ஏறுவது ஒன்றுதான், எந்தப் படியில் நின்று ஏறுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

வட்டியையும் அதே முறையில் கணக்குப் போடுங்கள். 8 சதவீத வட்டி, விலையோ 2 சதவீதம் இறங்குகிறது. கடன் வாங்குபவனுக்கு உண்மையான சுமை 10 சதவீதம். 2022 மார்ச்சில் கடன்காரனுக்கு 11 இலாபம், 2025 ஏப்ரலில் 10 நட்டம். கறாராகச் சொன்னால் போன வருட விலையை வைத்து இல்லாமல் வரும் வருடத்தில் எதிர்பார்க்கும் விலையை வைத்துத்தான் இதைப் போட வேண்டும், அப்போது இரண்டு எண்ணும் மாறும். ஆனால் எது இறுக்கம், எது தளர்ச்சி என்பது மாறாது. 8 என்று பார்த்தால் மலிவாகத் தெரிந்த வட்டி உண்மையில் இறுக்கமாகத்தான் இருந்தது. 2024 இல் வளர்ச்சி 5 சதவீதம் வந்தது உண்மை, ஆனால் இரண்டு வருடச் சுருக்கத்துக்குப் பிறகு வந்தது. குழியிலிருந்து ஏறுபவனின் வேகம் அது.

ரூபாய் ஏன் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எல்லோரும் ரூபாயை விட்டு ஓடுவதால் விழுந்தால் வட்டியைக் குறைப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய். 2025 இல் அப்படி இல்லை. அந்த வருடம் பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், பல வருடம் அடக்கி வைத்த ஆசை டொலர் கேட்டு வந்தது. மத்திய வங்கியும் கையிருப்பைச் சேர்க்கச் சந்தையில் டொலர் வாங்கிக்கொண்டிருந்தது. தானே வாங்கிக் கொஞ்சம் விலையேற்றிய டொலரைப் பார்த்து மத்திய வங்கியே பயப்படக் காரணமில்லை.

இதில் அவர்கள் பிழைவிட முடியாதா? விடலாம். எனக்குள்ள முக்கியமான சந்தேகம் என்னவென்றால், 2022ஐப் பட்ட மக்கள் மற்ற நாட்டவர் போல டொலரைப் பார்ப்பதில்லை. 300 என்ற எண்ணைக் கண்டதுமே உங்கள் மொத்த வியாபாரி 20 ரூபாய் ஏற்றுகிறார். கணக்கு 5 ரூபாய் என்கிறது, பயம் 20 ஏற்றுகிறது. எல்லோரும் இப்படிச் செய்தால் முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் இடைவெளியே இருக்காது, நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் பிழைத்துவிடும். மே மாதம் கால் புள்ளி மட்டும் குறைத்ததில் இந்தப் பயமும் ஒரு பங்கு என்றுதான் நான் நினைக்கிறேன். 2025 இல் அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பார்த்தால் பயம் வெல்லவில்லை. ஜூலை வரை பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழேதான் இருந்தது, ஓகஸ்டில் 1.2க்கு வந்தது. இன்னொரு குறையும் உண்டு. இலக்கு வைப்பது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வைத்து. கொழும்பு நகரக் குடும்பம் வாங்குவதும் சுன்னாகத்தில் உங்களிடம் வாங்க வருபவர் வாங்குவதும் ஒன்றில்லை. எங்கள் சாமானில் ஏ9 வீதி லொறிக் காசும் சேரும், டீசல் ஏறினால் எங்களுக்குக் கொஞ்சம் கூடத்தான் கடிக்கும்.

நிலைமை மாறுகிறதா என்று அறிய நான் டொலர் விலையைப் பார்ப்பதில்லை. சலூனில் கூலியைப் பார்க்கிறேன், மேசன் கேட்கும் நாட்காசைப் பார்க்கிறேன், உண்டியல்காரர் கொடுக்கும் வீதத்துக்கும் வங்கி வீதத்துக்கும் உள்ள இடைவெளியை விசாரிக்கிறேன். டொலரே கலக்காத கூலிகள் வருடத்தில் இரண்டு தரம் ஏறத் தொடங்கினால், உண்டியல் வீதம் வங்கியை விட்டுப் பத்து இருபது ரூபாய் விலகினால், வட்டி குறையும் காலம் முடிந்தது என்று எடுத்துக்கொள்வேன். மொத்த வியாபாரியிடம் அடுத்த முறை ஒன்று கேட்டுப் பாருங்கள். இந்தச் சரக்கை இறக்குமதி செய்ய வங்கியில் எல்சி திறந்தபோது டொலர் எவ்வளவு? பெரும்பாலும் அது இன்றைய விலையாக இருக்காது, சில கிழமைக்கு முந்திய விலையாகத்தான் இருக்கும். அப்படியே உங்கள் வங்கி மேலதிகப் பற்றுக்கு இப்போது என்ன வட்டி எடுக்கிறது என்றும் போய்க் கேளுங்கள். கொள்கை வட்டி குறைந்தது தானாக உங்கள் கணக்குக்கு வராது, கேட்டவருக்குத்தான் கிளை முகாமையாளர் முதலில் குறைப்பார். இதை அந்தக் கதிரையின் மற்றப் பக்கத்தில் இருந்தவனாகச் சொல்கிறேன்.